பாடகிக்குப் பின்னால் மூன்று ஊதுகருவிகள்: கீரவாணிப் பாட்டு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையில் எங்கள் மெல்லிசைக் குழு சிறியது. ஒரு பாடகி, ஒரு பாடகர், கீபோர்டு, கிட்டார், பேஸ் கிட்டார், தபேலா, டிரம்ஸ். பங்குனி, சித்திரை மாதங்களில் சுற்று வட்டாரத்துக் கோயில் திருவிழா மேடைகள்தான் எங்களுக்கு முக்கியமான வேலை. மேலூர்ப் பக்கம் ஒரு ஊரில் கச்சேரி ஒப்புக்கொண்டபோது, ஊர்ப் பெரியவர்கள் ஒரு விருப்பம் சொன்னார்கள். சாமி ஊர்வலத்துக்கு வரும் பேண்டு செட்டில் நன்றாக ஊதும் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களையும் மேடையில் ஏற்ற முடியுமா என்று கேட்டார்கள். இரண்டு ட்ரம்பெட், ஒரு ட்ரம்போன்.

எங்கள் குழுவே மெட்டமைத்த அம்மன் பாட்டு ஒன்றை அதற்கு எடுத்துக்கொண்டோம். கீரவாணி ராகத்தில் அமைந்த பாட்டு. எட்டு எண்ணிக்கைத் தாளம், நடுத்தர வேகம். மூன்று பேருக்கும் வாசிப்பு எழுதித் தருவது என் பொறுப்பு. கீபோர்டில் சேர்ந்திசைக் கார்டுகள் வாசித்துப் பழக்கம் உண்டே தவிர, ஊதுகருவிகளுக்கு அதுவரை நான் எழுதியதில்லை. பாட்டுக்கு ஐந்து ஒத்திகை கிடைத்தது. தெப்பக்குளம் பக்கத்தில் நண்பர் வீட்டு மாடியில் நடத்தினோம்.

முதல் ஒத்திகையில் கவனித்தவை

முதல் நாள் நான் எதையும் எழுதிக் கொண்டுபோகவில்லை. பாட்டைக் கேட்டுவிட்டு அவர்களே எதையாவது ஊதட்டும், அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மூன்று பேரும் இரண்டாவது சுற்றிலேயே பாட்டைப் பிடித்துவிட்டார்கள். பிடித்தது பாடகியின் மெட்டை. பல்லவி முழுக்க அவருடன் சேர்ந்து அதே மெட்டை ஊதினார்கள்.

யோசித்துப் பார்த்தால் அது இயல்புதான். ஊர்வலத்தில் பாட ஆள் கிடையாது, பேண்டு செட்தான் பாட்டு. மெட்டைத் தெளிவாகவும் சத்தமாகவும் கொண்டுபோவதுதான் பல வருடமாக அவர்கள் செய்த வேலை. ஆனால் மேடையில் பாடகி இருக்கிறார். அதே மெட்டை ட்ரம்பெட் அவர் குரல் இருக்கும் இடத்திலேயே ஊதும்போது சொற்கள் மறைந்துபோயின. அவர் அசைத்துப் பாடிய சுரங்களை அவர்கள் நேராக ஊதியதால், இரண்டும் உரசின.

அன்றே இன்னொரு தடங்கலும் வந்தது. பாட்டு எஃப் மைனரில் தொடங்குகிறது என்று எண்ணி, “எஃப் ஊதுங்கண்ணே” என்றேன். ட்ரம்போனும் கீபோர்டும் சேர்ந்தன. ட்ரம்பெட் இரண்டும் ஒரு முழுச் சுரம் கீழே நின்றன. மூத்த ட்ரம்பெட்காரர், “தம்பி, நான் எஃப்தான் ஊதுறேன்” என்றார். அவர் சொன்னது சரி. பி ஃபிளாட் ட்ரம்பெட்டில் வாசிப்பவர் சி என்று ஊதினால், கேட்பது பி ஃபிளாட். அவருடைய எஃப் கீபோர்டில் ஈ ஃபிளாட். ட்ரம்போனுக்கு இந்த மாற்றம் கிடையாது.

சுருதியை முடிவு செய்தது

பாட்டு முதலில் மூன்று கட்டையில், அதாவது ஈ சுருதியில்தான் இருந்தது. பாடகிக்கு அது பழக்கம். ஆனால் ட்ரம்பெட்காரர்களுக்கு அது எஃப் ஷார்ப் மைனராக மாறுகிறது. ஷார்ப் நிறைந்த அந்தச் சுருதி இருவருக்கும் விரலில் இல்லை. ஊர்வலப் பாட்டுகளில் அவர்கள் அதிகம் புழங்குவது ஃபிளாட் சுருதிகளில்.

இரண்டு வழிகள் இருந்தன. இரண்டு கட்டைக்கு இறக்கினால் ட்ரம்பெட்டுக்கு ஈ மைனர் வரும், அது எளிது. ஆனால் பல்லவி கீழ் பஞ்சமம் வரை இறங்குகிற பாட்டு. அந்த இடத்தில் பாடகியின் குரலில் கனம் இல்லாமல் போனது. நான்கு கட்டைக்கு ஏற்றினால் ட்ரம்பெட்டுக்கு ஜி மைனர், இரண்டே ஃபிளாட்; அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஊதும் சுருதி. மேல் சட்ஜமத்தைப் பாடகி சரணத்தில் ஒரே ஒரு முறைதான் தொடுகிறார். அந்த இடத்தைப் பாடிக் காட்டச் சொன்னோம், சிரமமில்லாமல் வந்தது. நான்கு கட்டையையே வைத்துக்கொண்டோம். கிட்டாருக்கு முதல் கட்டத்தில் கேப்போ போட்டதோடு கிட்டார்காரர் வேலை முடிந்தது. முதல் நாள் நான் எஃப் என்று எண்ணியதும் இந்த மாற்றம் மனதில் ஓடிக்கொண்டிருந்ததால்தான்.

எழுத்தில் என்ன தருவது என்ற கேள்வி அடுத்து வந்தது. ட்ரம்போன்காரர் சர்ச்சில் பழகியவர், ஸ்டாஃப் நொட்டேஷன் படிப்பார். ட்ரம்பெட்காரர்கள் இருவரும் காதால் பழகியவர்கள், சுரம் சொன்னால் பிடிப்பார்கள். அதனால் மூவருக்கும் சுரத்திலேயே எழுதினேன். ‘ச’ என்பது ட்ரம்பெட்டில் ஜி, ட்ரம்போனில் எஃப் என்று முதல் வரியில் மட்டும் குறித்தேன். அதன் பிறகு ஒத்திகையில் யாரும் எழுத்துப் பெயரை உச்சரிக்கவே இல்லை. இது எனக்குப் பெரிய நிம்மதி.

முதல் எழுத்தும் அதன் தவறும்

பாடகி பாடும்போது ஊதவே கூடாது, அவர் விடும் இடைவெளியில் மட்டும் ஊதலாம் என்று முடிவெடுத்தேன். பல்லவியில் ஒவ்வொரு வரியும் ஐந்தாவது எண்ணிக்கையில் முடிகிறது. ஆறு, ஏழு, எட்டு காலியாக இருக்கின்றன. அந்த மூன்று எண்ணிக்கைக்கு ஒரு இறங்கு வரி எழுதினேன். ஆறில் ப, ஆறரையில் ம, ஏழில் க, ஏழரையில் ரி, எட்டில் ச. பாடகி மேலே முடித்த இடத்திலிருந்து அது வீட்டுக்கு இறங்கி வருவதுபோல இருந்தது.

அதைச் சேர்ந்திசையாக்க, முதல் ட்ரம்பெட்டுக்குக் கீழே ராகத்தில் ஒரு சுரம் விட்டு ஒரு சுரம் என இரண்டு குரல்களை அடுக்கினேன். கீபோர்டில் மூன்று விரலை அப்படியே நகர்த்துவதுபோல. வாசிப்பு இப்படி வந்தது:

முதல் ட்ரம்பெட்: ப ம க ரி ச
இரண்டாம் ட்ரம்பெட்: க ரி ச நி த
ட்ரம்போன்: ச நி த ப ம

இரண்டாம் ட்ரம்பெட்டின் நி, த ஆகியவையும், ட்ரம்போனின் முதல் ச தவிர மற்றவையும் கீழ் ஸ்தாயி.

இரண்டாவது ஒத்திகையில் ஊதினார்கள். தொடக்கம் அற்புதமாக இருந்தது. முடிவு மட்டும் ஒட்டவில்லை. வீட்டு வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனதுபோல இருந்தது. யாராவது சுருதி விலகுகிறார்களா என்று ஒவ்வொருவரையும் தனியாக ஊதச் சொல்லிக் கேட்டேன். மூவரும் சரி. கிட்டாரை நிறுத்திவிட்டு மூவரை மட்டும் ஊதச் சொன்னேன், அப்போதும் இனிமையாகத்தான் இருந்தது. கிட்டாரும் பேஸும் சேரும்போதுதான் கெட்டது. இதனால் அன்று ஒரு மணி நேரம் வீணானது.

வீட்டில், போனில் பதிவு செய்ததைக் கடைசிச் சுரத்தில் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது. எட்டாவது எண்ணிக்கையில் கிட்டார் வாசிப்பது ச, க, ப. என் மூவர் ஊதுவது ச, த, ம. அது மத்யமத்தில் எழும் வேறொரு கார்டு. கிட்டாரின் பஞ்சமத்தை என் தைவதம் அரைச் சுரத் தூரத்தில் இடிக்கிறது. ஏழாவது எண்ணிக்கையிலும் இதே கதைதான்: க, ச, த. ஆறாவது எண்ணிக்கையின் ப, க, ச மட்டும் தற்செயலாகக் கிட்டாரோடு பொருந்தியிருந்தது. தொடக்கம் நன்றாக இருந்ததே அதனால்தான். அதுவே என்னை ஏமாற்றவும் செய்தது.

இது புதிதாக எழுதுகிற எல்லோரும் விழுகிற பள்ளம் என்று நினைக்கிறேன். மெட்டின் சுரத்துக்கு எவ்வளவு கீழே என்று அளந்து அடுக்கினால், ஊதுபவர்கள் தங்களுக்குள் ஒத்துப்போவார்கள். பின்னால் போய்க்கொண்டிருக்கும் கார்டோடு ஒத்துப்போவார்கள் என்பதற்கு உறுதி இல்லை. மூவரைத் தனியே கேட்டால் நன்றாகவும், குழுவோடு கேட்டால் மங்கலாகவும் இருந்தால், ஊதுகிறவரைக் குறை சொல்லாமல் தாளைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு குடும்பமாகப் பிரித்தது

கீரவாணியின் ஏழு சுரங்களை இப்படிப் பிரித்தேன். ச, க, ப ஒரு குடும்பம்: வீட்டுக் கார்டு. மீதி நான்கும், நி, ரி, ம, த, இன்னொரு குடும்பம். இந்த நான்கும் ஒன்றுக்கொன்று ஒன்றரைச் சுரத் தூரத்தில் நிற்பவை. சேர்ந்து ஒலித்தால் டிமினிஷ்டு கார்டு. பஞ்சமக் கார்டு போலவே அதுவும் வீட்டுக்குத் திரும்பத் துடிக்கும் ஒலி. அதாவது ராகத்தில் எந்தச் சுரம் மேலே வந்தாலும், அது ஒன்று வீட்டில் நிற்கிறது, இல்லையென்றால் வீட்டை நோக்கி இழுக்கிறது. வெளிச்சுரம் ஒன்றுகூடத் தேவையில்லை.

ஆகவே விதி எளிதானது. முதல் ட்ரம்பெட்டின் சுரம் எந்தக் குடும்பமோ, அதே குடும்பத்தில் அதற்குக் கீழே அடுத்தடுத்து வரும் இரண்டு சுரங்களை மற்ற இருவருக்கும் கொடுப்பது. என் வரியில் எண்ணிக்கை மேல் விழும் ப, க, ச மூன்றும் வீட்டுக் குடும்பம். இடையில் விழும் ம, ரி இரண்டும் இழுக்கும் குடும்பம். திருத்திய வாசிப்பு இது:

முதல் ட்ரம்பெட்: ப ம க ரி ச
இரண்டாம் ட்ரம்பெட்: க ரி ச நி ப
ட்ரம்போன்: ச நி ப த க

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாம் ட்ரம்பெட்டில் மாறியது கடைசிச் சுரம் ஒன்று மட்டும். ட்ரம்போனில் கடைசி மூன்று சுரங்கள். அந்த மூன்றிலும் ரியின் அடியில் இருந்த ப தவறில்லை, ரி, நி, ப சேர்ந்தாலும் பஞ்சமக் கார்டுதான். அதை விட்டிருக்கலாம். முன்னால் ஏற்கெனவே ப வருவதால், ஒரே சுரத்தை இரண்டு முறை ஊதாமல் நகரட்டும் என்றுதான் த போட்டேன்.

ட்ரம்போனுக்கு இப்படிக் குதிக்கிற வரி கொடுக்கலாமா என்று பயம் இருந்தது. ஸ்லைடை நீளமாக இழுக்க வைக்கும் வரியை இந்த வேகத்தில் கேட்பது நியாயமில்லை. நான்கு கட்டையில் இந்த ஐந்து சுரங்களும் முதல், இரண்டாம், மூன்றாம், இரண்டாம், மூன்றாம் இடங்களில் கிடைத்துவிடுகின்றன. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குக் கை அரை அடிகூட நகர வேண்டாம். ட்ரம்போன்காரர் ஒருமுறை ஊதிப் பார்த்துவிட்டு, “இது கைக்குள்ளயே இருக்கு தம்பி” என்றார்.

மூன்றாவது ஒத்திகையில் எட்டாவது எண்ணிக்கை கிட்டாரோடு பூட்டிக்கொண்டது. ஆனால் ஒரு சிறு கசப்பு மிச்சம் இருந்தது, இந்த முறை உண்மையிலேயே சுருதிதான். இரண்டாம் ட்ரம்பெட்டின் கடைசிச் சுரமான கீழ் ப, அவர் கருவியில் கீழ் டி. முதல் வால்வும் மூன்றாம் வால்வும் சேர்த்து அழுத்த வேண்டிய சுரம். அந்தக் கூட்டு எல்லா ட்ரம்பெட்டிலும் கொஞ்சம் ஏறித்தான் ஒலிக்கும். மூன்றாம் வால்வின் சிறிய ஸ்லைடை வெளியே தள்ளினால் இறங்கும். அவர் கருவியில் அந்த ஸ்லைடு பல காலமாக இறுகிப் போயிருந்தது. ஊர்வலத்தில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. எண்ணெய் விட்டு, இரண்டு நாளில் இளக்கிக்கொண்டு வந்தார். அதன் பிறகு கடைசிக் கார்டு கலங்காமல் நின்றது.

இந்தப் பிரிப்புக்கு எல்லை உண்டு. பின்னால் சட்ஜமக் கார்டோ பஞ்சமக் கார்டோ போகும்போதுதான் இது உதவும். அனுபல்லவியில் கிட்டார் தைவதக் கார்டுக்குப் போகிறது, த, ச, க. அங்கே இதே முறையில் அடுக்கிய ப, க, ச போட்டால் பஞ்சமமும் தைவதமும் மறுபடி இடித்துக்கொள்ளும். அந்த இடத்துக்குத் தனியாக யோசிக்க நேரம் இல்லை. மூவரும் ஒரே சுரத்தை, ட்ரம்போன் மட்டும் ஒரு ஸ்தாயி கீழே, ஊதட்டும் என்று விட்டேன். கேட்டபோது அது குறையாகத் தெரியவில்லை. ஒற்றை வரியாக வந்து பல்லவியில் மூன்றாக விரியும்போது, அந்த விரிவுக்கு ஒரு மதிப்பு கிடைத்தது. திட்டமிடாமல் கிடைத்தது என்றாலும் இனி திட்டமிட்டே செய்வேன்.

பாடும்போது பின்னால் நிற்பது

சரணத்தில் ஊர்க்காரர்கள் எதிர்பார்த்த கம்பீரம் வர, பாடகிக்குப் பின்னால் நீண்ட சுரங்கள் தேவைப்பட்டன. முதலில் ச, க, ப மூன்றையும் எட்டு எண்ணிக்கைக்குப் பிடிக்கச் சொன்னேன். காந்தாரத்தில் நின்ற ட்ரம்பெட் உடனே பிரச்சினையானது. எங்கள் பாடகி காந்தாரத்தை நேராகப் பிடிப்பதில்லை, ரியிலிருந்தும் மவிலிருந்தும் அசைத்துத்தான் பாடுவார். நிஷாதத்தைச் சட்ஜமத்துக்கு மிக அருகில் தூக்கி வைப்பார். அந்த இரண்டு சுரங்களையும் ட்ரம்பெட் அசையாமல் பிடித்தால், பாடகிதான் சுருதி விலகுகிறார் என்று கேட்பவருக்குத் தோன்றும். அவருக்கு அது பெரிய அநியாயம்.

அதனால் பாடும்போது க, நி இரண்டையும் ஊதுகருவிகள் தொடுவதில்லை என்று வைத்தோம். சட்ஜமக் கார்டில் ட்ரம்போன் கீழ் ச, இரண்டாம் ட்ரம்பெட் அதற்கு மேல் ப. கார்டு பஞ்சமத்துக்கு மாறும்போது ட்ரம்பெட் ப-வில் நிற்க, ட்ரம்போன் மட்டும் ரிக்கு நகர்கிறது. முதல் ட்ரம்பெட் பேசாமல் இருக்கிறது. மைனரா மேஜரா என்று சொல்லும் காந்தாரம் முழுக்கப் பாடகி கையில். கீபோர்டையும் அந்த இடத்தில் மெதுவாக வாசிக்கச் சொன்னோம்.

எங்கே பிடிப்பது என்பதும் முக்கியமாக இருந்தது. பாடகி கீழ் பஞ்சமத்துக்கு இறங்கும் வரிகளில் இந்த இரண்டு சுரங்களும் அவர் குரல் மேலேயே போய் விழுகின்றன. அவர் மத்திய பஞ்சமத்துக்கு மேலே பாடும் இரண்டு வரிகளில் மட்டும் வைத்தோம். எட்டு எண்ணிக்கை பிடிக்காமல் ஏழில் நிறுத்தி மூச்சு எடுக்கச் சொன்னேன். எங்கே தொடங்குவது என்று மட்டும் எழுதி, எங்கே நிறுத்துவது என்று எழுதாமல் விட்டபோது, இருவரும் ஆளுக்கொரு இடத்தில் விட்டார்கள். ஏழுக்கு மேல் ஒரு கோடு போட்டதும் அது சரியாகிவிட்டது.

கச்சேரி அன்று

மேடையில் ஊதுகருவிகளைப் பாடகிக்கு நேர் பின்னால் நிறுத்தாமல், ஓரமாக நிறுத்தினோம். இல்லையென்றால் அவர் மைக்கிலேயே ட்ரம்பெட் ஏறிவிடும். இரவு ஒன்பது மணிக்கும் வெக்கை குறையவில்லை. கருவி சூடாகி ட்ரம்பெட் இரண்டும் ஏறியிருந்தன. பாட்டுக்கு முன் கீபோர்டில் ப கொடுத்து, டியூனிங் ஸ்லைடை இழுத்துச் சரிசெய்ய இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டோம்.

பல்லவி எழுதியபடி வந்தது. ஒவ்வொரு முறை இறங்கு வரி முடிந்து கடைசிக் கார்டு நிற்கும்போதும், முன்வரிசையில் இருந்தவர்கள் மூவரையும் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டாம் சரணத்தில் தவறினோம். கூட்டத்தின் உற்சாகத்தில் பாடகி ஒரு வரியை மூன்றாவது முறையும் சங்கதி போட்டு நீட்டினார். கிட்டாரும் தபேலாவும் அவரைப் பார்த்துப் பின்தொடர்ந்தன. ஊதுகிறவர்கள் மூவரும் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்ததால், தாளில் உள்ளபடி ஆறில் புகுந்துவிட்டார்கள். அவருடைய மிக அழகான சங்கதி ட்ரம்பெட்டுக்கு அடியில் போனது. கச்சேரி முடிந்ததும் மூத்த ட்ரம்பெட்காரர் அவரிடம் வந்து, “மன்னிச்சுக்கம்மா, நான் தாளத்தையே பார்த்துட்டேன்” என்றார். “பரவால்லண்ணே, நான்தான் சொல்லாம நீட்டிட்டேன்” என்றார் அவர். உண்மையில் பிழை என் தாளில் இருந்தது.

அடுத்த முறை மாற்றுவது

அந்தத் தாளில் சுரமும் எண்ணிக்கையும் மட்டுமே இருந்தன. பாட்டு வரி இல்லை. இப்போது ஒவ்வொரு இறங்கு வரிக்கு முன்னாலும் பாடகி பாடும் கடைசிச் சொல்லை எழுதுகிறேன். அந்தச் சொல் விழுந்த பிறகு முதல் ட்ரம்பெட் கருவியைத் தூக்கினால்தான் மற்ற இருவரும் புகுவார்கள். பாடகி நீட்டினால் மூவரும் காத்திருப்பார்கள், அந்தச் சுற்றில் வரி போய்விட்டாலும் பரவாயில்லை.

அனுபல்லவியின் தைவதக் கார்டுக்கு, த, ச, க மூன்றையும் ஒரு குடும்பமாக வைத்துத் தனியாக ஒரு வரி எழுதியிருக்கிறேன், ஆனால் அதை இன்னும் மூவரும் ஊதிக் கேட்கவில்லை. பாட்டின் இடத்தையும் மாற்ற வேண்டும். அன்று ஊர்வலம் முழுக்க ஊதிவிட்டு வந்த உதடுகளோடு, பத்தரை மணிக்கு இதை வைத்தோம். முதல் ட்ரம்பெட்டின் மேல் ப கடைசிப் பல்லவியில் மெலிந்துவிட்டது. சித்திரையில் அதே மூவரோடு திருப்பரங்குன்றம் பக்கம் இன்னொரு மேடை இருக்கிறது. அங்கே இதை மூன்றாவது பாட்டாகப் போட்டிருக்கிறோம்.